பன்னிரண்டாம் வரிசை

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய 12 நிமிட ஆவணப்படம் ஒன்றுக்கு நான் உரை எழுதினேன். ஸ்கிரிப்ட் ஒன்பது பக்கம் வந்தது. அதில் பன்னிரண்டாவது வரிசைக்கு நேர்ந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு வரிசை என்றால் அட்டவணையில் ஒரு கட்டம். இடது பக்கம் படம், வலது பக்கம் ஒலி. என் மேசையில் பிறந்த அந்தக் கட்டம் குரல் பதிவு அறைக்குப் போனது, எடிட்டரின் திரைக்குப் போனது, ஒருமுறை வழி தவறியது, பிறகு திரும்பி வந்தது.

படத்தை வெட்டி ஒட்டுபவரும் அதற்குக் குரல் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. எங்கள் படத்தில் குரல் கொடுத்த அண்ணன் இருந்தது கோடம்பாக்கத்தில். எடிட் செய்த தம்பி இருந்தது மதுரையில். இருவருக்கும் பொதுவாக இருந்தது இந்தத் தாள் ஒன்றுதான். அண்ணன் அதில் வலது பக்கத்தை வாசிக்கிறார், தம்பி இடது பக்கத்தைப் பார்த்து ஷாட் அடுக்குகிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் ஒரு சிதைந்த சுவர் திரையில் வரும் நொடியில் அந்தச் சுவரைப் பற்றிய சொல் காதில் விழும்.

இந்த இரட்டைப் பத்தி சினிமாவிலிருந்து வந்ததல்ல. சினிமாத் திரைக்கதை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக இறங்கும். காட்சி, செயல், பேச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். படப்பிடிப்புக்கு அது போதும், ஏனென்றால் படமும் ஒலியும் சேர்வது பிறகுதான். நேரலைத் தொலைக்காட்சியில் அந்தப் 'பிறகு' கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் இந்தச் சொல் வரும்போது எந்தக் கேமரா என்பதை அந்தக் கணமே அறிய வேண்டும். அதனால் கேமரா குறிப்பு ஒரு பக்கமும் அதற்கு நேரெதிரே பேச்சும் வந்தன. செய்தி அறைகளும் இதே வடிவத்தைப் பிடித்துக்கொண்டன. 1950களில் டெலிப்ராம்ப்டர் பரவியபோது செய்தி வாசிப்பவரின் கண்ணுக்குப் போனது வலது பாதி மட்டும்தான். வலது பத்தி குறுகலாக இருந்தால் கண் பக்கவாட்டில் ஓட வேண்டியதில்லை, பார்வையாளருக்கு வாசிப்பது தெரியாது.

நம் நாட்டில் இந்த வடிவத்துக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் ஆவணப்படங்களையும் செய்திப்படங்களையும் பல மொழிகளில் வெளியிட்டது. தியேட்டரில் படம் தொடங்கும் முன் தமிழ் உரையோடு ஓடியவற்றைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே படம் ஒன்று, குரல் பல. படத்தைப் பற்றிய விவரம் ஒரு பக்கமும் உரை எதிர்ப்பக்கமும் இருந்தால் உரையை மட்டும் உருவிவிட்டு வேறு மொழியை வைக்கலாம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது இந்தத் தாள் தமிழுக்கும் அன்றாட வேலையாயிற்று.

தட்டச்சுப் பொறி இருந்தவரை ஒரு நன்மை இருந்தது. ஒரே தாளைக் கார்பன் வைத்தோ சைக்ளோஸ்டைல் செய்தோ எல்லோருக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தின் ஏழாம் வரி எல்லோர் கையிலும் மூன்றாம் பக்கத்தின் ஏழாம் வரியாகவே இருந்தது. கணினி வந்தபின் அது போயிற்று. ஒரே கோப்பு என் திரையில் ஒருவிதமாகவும் அண்ணன் கைப்பேசியில் வேறுவிதமாகவும் விரிகிறது. ஆகவே இன்று இந்த வடிவத்தை உருவாக்குகிறவர் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

என் தாளில் நான்கு பத்திகள் உண்டு, ஆனாலும் தொழிலில் இதை இரட்டைப் பத்தி என்றே சொல்வோம். ஓரங்களில் இருக்கும் இரண்டும் வெறும் எண்கள். பாலத்தைப் பற்றிய படத்தில் நடுவே வரும் மூன்று வரிசைகளை முதல் பிரதியில் இருந்தபடியே தருகிறேன்.

| எண் | படம் | ஒலி | நொடி |
|---|---|---|---|
| 11 | பழைய பாலத்தின் நடுப்பகுதி. இரண்டு இறக்கைகளும் மேலே எழுகின்றன. கேமரா அசையவில்லை. | [குரல் இல்லை. இரும்பு உரசும் ஒலி, அலை.] | 6 |
| 12 | தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் சிதைந்த சுவர், இடமிருந்து வலமாக மெதுவாக. | குரல்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, டிசம்பர் இருபத்திரண்டு. அன்று இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது. | 15 |
| 13 | பாலத்தின் மேல் ரயில். இருபுறமும் கடல். | குரல்: சேதமடைந்த பாம்பன் பாலத்தை நாற்பத்தாறே நாளில் சீரமைத்தார்கள். பொறுப்பேற்ற பொறியாளர், ஈ. ஸ்ரீதரன். | 8 |

பதினொன்றாம் வரிசையில் குரல் இல்லை என்பதையும் ஒரு வரிசையாக எழுதியிருக்கிறேன். 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் இறக்கைகளை ஆட்கள் கையால் இயக்கித்தான் தூக்கினார்கள். அந்த இரும்புச் சத்தம் ஆறு நொடி தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உரையை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தால் அண்ணன் பத்தாவதை முடித்த மூச்சிலேயே பன்னிரண்டாவதைத் தொடங்கியிருப்பார். மௌனத்துக்கும் ஒரு கட்டம் இருப்பதால், முன் வாக்கியத்தை முடிவாக முடித்து, அடுத்ததைப் புதிதாக எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. குரலின் இறக்கம் அங்கே மாறும். அதை எடிட்டில் உண்டாக்க முடியாது.

வலது பத்தியில் சதுர அடைப்பும் 'குரல்:' என்ற முன்சொல்லும் ஏன் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு வேறு வழி இருக்கிறது. வாசிக்கக் கூடாத குறிப்புகளைப் பெரிய எழுத்துகளிலும், வாசிக்க வேண்டியதைச் சாதாரண எழுத்துகளிலும் அடிப்பார்கள், அல்லது அதைத் தலைகீழாகச் செய்வார்கள். பார்த்தவுடன் கண் பிரித்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு கிடையாது. ஆங்கில மாதிரியை அப்படியே தமிழில் நிரப்பினால் 'மெல்லிய இசை தொடர்கிறது' என்பதும் உரை போலவே தெரியும். வேகமாக வாசிக்கும் குரல் அதையும் சேர்த்து வாசித்துவிடும், நானே கேட்டிருக்கிறேன். சிலர் தடித்த எழுத்தையோ நிறத்தையோ நம்புகிறார்கள். கருப்பு வெள்ளை அச்சில் நிறம் போய்விடும், வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தடிமனும் போய்விடும். அடைப்புக்குறியும் முன்சொல்லும் எழுத்தாகவே இருப்பதால் எங்கே ஒட்டினாலும் கூடவே போகும். ஆகவே தமிழ்த் தாளில் ஒரே விதி வைத்துக்கொண்டேன். சதுர அடைப்புக்குள் இருப்பது வாயில் வராது. அதற்கு வெளியே இருப்பது, 'குரல்:' என்ற முன்சொல் நீங்கலாக, ஒரு எழுத்து விடாமல் வாயில் வரும்.

'ஒரு எழுத்து விடாமல்' என்பதில்தான் எண்கள் மாட்டிக்கொள்கின்றன. 1964 என்று இலக்கத்தில் எழுதியிருந்தால் ஒருவர் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு' என்பார், இன்னொருவர் 'பத்தொன்பது அறுபத்து நாலு' என்பார். இரண்டும் தமிழ்நாட்டில் புழங்குவதுதான். ஆனால் எழுதியவர் ஒன்றை மனத்தில் வைத்து நொடி கணக்கிட, குரல் மற்றொன்றை வாசித்தால் கணக்கு உடையும். சுருக்கங்களும் இப்படித்தான். 'கி.மீ.' என்றால் கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் 'மீ' என்று மட்டும் இருந்தால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். பெயரின் முதலெழுத்துகள் இன்னும் சிக்கலானவை. ஸ்ரீதரனின் முதலெழுத்தை அச்சில் பல இடங்களில் 'இ.' என்று பார்க்கலாம், வாயில் சொல்வது 'ஈ'. என் தாளில் 'ஈ.' என்று நெடிலில் அடித்தேன். வலது பத்தியின் எழுத்து காதுக்காக, அகராதிக்காக அல்ல. இலக்கங்களை இடது பத்தியில் தாராளமாக வைக்கலாம், அங்கே அவற்றைக் கண்தான் படிக்கிறது.

இனி நொடிப் பத்தி. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணி நேரம் கணிப்பார்கள். தமிழில் சொல் எண்ணிக்கையை நம்பினால் ஏமாற்றம்தான். 'கடல்' ஒரு சொல், 'பாம்பனிலிருந்து' என்பதும் ஒரு சொல். ஒன்றைச் சொல்ல ஆகும் நேரம் மற்றதைப் போல மூன்று மடங்கு. ஆனால் நம் எழுத்திலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள். உயிரும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் வாயில் ஒரு துடிப்பு. 'கடல்' இரண்டு. 'பாம்பனிலிருந்து' ஆறு. ஆவணப்படத்துக்குரிய நிதானமான வாசிப்பில் எங்கள் அண்ணன் நொடிக்கு ஐந்து துடிப்பு போகிறார். உங்கள் குரல் கலைஞர் எவ்வளவு போகிறார் என்பதை அவருடைய பழைய பதிவு ஒன்றை அரை நிமிடம் கேட்டு எண்ணினால் தெரிந்துவிடும். விளம்பரத்துக்கு வாசிப்பவர் இதைவிட வேகமாகப் போவார், அஞ்சலி உரைக்கு வாசிப்பவர் மெதுவாகப் போவார்.

பன்னிரண்டாம் வரிசையை இப்படி எண்ணினால் 64 வருகிறது. ஐந்தால் வகுத்தால் சுமார் 13 நொடி. நடுவில் இரண்டு முற்றுப்புள்ளி, ஒரு காற்புள்ளி. அவற்றுக்கு இரண்டு நொடி சேர்த்து 15 என்று எழுதினேன்.

அங்கேதான் பிரச்சினை எழுந்தது. எடிட்டர் தம்பி முதல் வெட்டை ஒரு ஆங்கில மாதிரி உரையை வைத்து அடுக்கியிருந்தார். அதில் இந்த இடத்துக்கு அவர் ஒதுக்கியது 11 நொடி. தனுஷ்கோடிச் சுவர் ஷாட்டில் ஆடாமல் அசையாமல் பயன்படும் பகுதியும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சுற்றுலாப் பயணி குறுக்கே வந்துவிடுகிறார். எனக்கு நான்கு நொடி அதிகம்.

எங்கே நீளுகிறது என்று பார்த்தபோது ஆண்டு தெரிந்தது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு' என்பது மட்டும் 15 துடிப்பு, மூன்று நொடி. ஆங்கிலத்தில் 'நைன்டீன் சிக்ஸ்டி ஃபோர்' ஐந்து துடிப்பு, ஒரே நொடி. தாளில் இரண்டும் நான்கு இலக்கங்களாக ஒரே அளவில்தான் தெரியும். ஆங்கில மாதிரியிலிருந்து தமிழாக்கம் செய்யும்போது உரை நீண்டுவிடுகிறது என்று எல்லோரும் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆண்டும் தொகையும் அதிகம் வரும் படத்தில் இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை இப்படி இரண்டு நொடி கூடும்.

வேகமாக வாசிக்கச் சொல்வது ஒரு வழி. ஒரு ஊரும் ஒரு ரயிலும் அழிந்ததைச் சொல்லும் வாக்கியத்தை அப்படி வாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டை இடது பத்திக்கு மாற்றினேன். சுவர் தோன்றும் முதல் மூன்று நொடிக்குத் திரையின் கீழ்ப்பகுதியில் '1964' என்று எழுத்து வரட்டும். கண் அதை ஒரு நொடியில் படித்துவிடும், வாய் சொல்ல வேண்டியதில்லை. வலது பத்தி இப்படியானது:

குரல்: டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி இரவு. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது.

இப்போது 46 துடிப்பு, ஒன்பது நொடிக்குச் சற்று மேல். நிறுத்தங்களோடு 11. 'அன்று', 'வீசிய' என்ற இரண்டு சொற்களும் போயின, அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. பத்திகள் அருகருகே இருப்பதன் பயன் எனக்கு முழுதாகத் தெரிந்தது அந்த இடத்தில்தான். ஒரு தகவலைக் காதிலிருந்து கண்ணுக்கு நகர்த்த அரை விரற்கடை போதுமாக இருந்தது.

திருத்தியபோது வரிசை எண்ணைத் தொடவில்லை. எண் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். நடுவில் புதிய வரிசை வந்தால் 12அ என்று பெயர் பெறும். ஒரு வரிசையை எடுத்துவிட்டால் அதன் எண்ணும் 'நீக்கப்பட்டது' என்ற சொல்லும் கட்டத்தில் நிற்கும். கணினி தானாக எண்ணிடும் வசதியை அணைத்துவிடுவேன். இல்லையென்றால் ஒன்பதாம் வரிசையை நீக்கியதும் பன்னிரண்டு பதினொன்றாகிவிடும், முன்பே பதிவான குரல் கோப்புகளெல்லாம் பொய்யாகிவிடும். பக்க எண்ணை வைத்து யாரும் பேசக் கூடாது என்றும் சொல்லிவிடுவேன். எழுத்துரு மாறினால் பக்கம் மாறும், வரிசை மாறாது.

எழுத்துரு என்றதும் பழைய வேதனை நினைவுக்கு வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். ஒலிப்பதிவு அறையில் மணிக்கணக்கில் வாடகை ஓட, எழுத்துருவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு. யூனிகோடு வந்து அதைத் தீர்த்தது. ஆனாலும் ஒரே யூனிகோடு உரை ஒரு எழுத்துருவில் பத்து வரியும் இன்னொன்றில் பன்னிரண்டு வரியும் ஆகும். அதனால் வெளியே போகும் பிரதி எப்போதும் பிடிஎஃப். திருத்தும் கோப்பு என்னிடம் மட்டும்.

அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் டேப் விசையைத் தட்டி இரண்டு பத்தி போல உண்டாக்குகிறார்கள், சிலர் செய்தித்தாள் பத்தி வசதியைப் பயன்படுத்துகிறார்கள். முதல் நாள் அழகாக இருக்கும். இடதில் ஒரு வரி சேர்த்தவுடன் வலது அப்படியே நிற்க, அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு படி நழுவும். ரயில் ஓடும் படத்துக்கு எதிரே புயலின் உரை வந்து நிற்கும், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் என்று வைத்தால் இது நேராது. வேர்டில் கட்டங்களைத் தேர்ந்து, Table Properties என்பதில் Row பகுதிக்குப் போய், `Allow row to break across pages` என்ற தேர்வை நீக்கிவிடுங்கள். ஒரு வரிசை இரண்டு பக்கத்தில் உடையாது. முதல் கட்டத்துக்கு மட்டும் `Repeat as header row at the top of each page` என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரும்.

வரிசை உடையாமல் இருப்பது குரல் அறையில் பெரிய காரியம். மைக் காகிதத்தின் சலசலப்பை விடாமல் பிடிக்கும். வாக்கியத்தின் நடுவில் பக்கம் திரும்பினால் அந்த வாசிப்பு வீண். அதனால் ஒரு பக்க அச்சு, பின் அடிக்காத தாள்கள், ஸ்டாண்டில் இரண்டிரண்டாக விரித்து வைத்து, வாசித்ததைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்துவது. டேப்லெட்டில் வாசிப்பவர்களுக்கும் வரிசை உடையாமல் இருந்தால் திரையைத் தள்ளும் இடம் வாக்கியத்தின் முடிவில் விழும்.

எங்கள் அண்ணன் ஒவ்வொன்றையும் எண் சொல்லித்தான் தொடங்குவார். "வரிசை பன்னிரண்டு, டேக் இரண்டு," என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு வாசிப்பார். பதிவாளர் கோப்புக்கு அதே பெயர் வைப்பார்: `PB_12_T2.wav`. மதுரையில் தம்பி அந்தக் கோப்பைப் பார்த்ததும் எந்த ஷாட்டுக்குக் கீழே போட வேண்டும் என்று தமிழ் உரையைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இப்படியெல்லாம் கட்டிக் காத்தும் பன்னிரண்டாம் வரிசை வழி தவறியது. குரல் பதிவு முடிந்த மறுநாள் காலை தம்பி அழைத்தார்.

"அண்ணே, பன்னெண்டு நாலு நொடி நீளுது. தாள்ல பதினொண்ணுன்னு இருக்கு, ஃபைல் பதினஞ்சு வருது."

"மத்ததெல்லாம்?"

"அரை நொடி முன்னே பின்னே. இது ஒண்ணுதான்."

அண்ணனைக் கூப்பிட்டேன். "எனக்கு வந்த பேப்பர்ல வருஷம் இருக்கே தம்பி. இருக்கிறதத்தானே நான் வாசிக்கணும்," என்றார். அவர் சொன்னது நியாயம். தயாரிப்புத் தரப்பில் ஒருவர் அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இரண்டாம் பிரதியின் வலது பத்தியை மட்டும் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எண்களை மட்டும் கூடவே அடித்திருந்தார். பிரதி எண் பக்கத்தின் தலையில் இருந்ததால் அது வரவில்லை, நொடிப் பத்தியும் வரவில்லை. தம்பியிடம் இருந்தது மூன்றாம் பிரதி. இரண்டுக்கும் இடையே நான் திருத்தியது அந்த ஒரே வரிசை என்பதால் மற்ற எல்லாம் பொருந்திப் போயின.

கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த நொடிப் பத்திதான். முன்பெல்லாம் அதை எனக்காக மட்டும் எழுதி, அனுப்பும் பிரதியில் நீக்கிவிடுவேன். தமிழ் வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க எடிட்டருக்கு நேரமிருக்காது. ஆனால் கோப்பின் நீளம் அவருடைய திரையிலேயே தெரிகிறது, தாளின் எண்ணோடு ஒப்பிட ஒரு பார்வை போதும். அரை நொடி வித்தியாசம் வாசிப்பின் இயல்பு. ஒரே வரிசையில் மட்டும் மூன்று நான்கு நொடி வித்தியாசம் என்றால் உரை மாறியிருக்கிறது என்று பொருள். எல்லா வரிசையும் ஒரே விகிதத்தில் நீண்டால் குரல் மெதுவாகப் போகிறது என்று பொருள். உரையைத் தொட வேண்டியதில்லை, வேகத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

அன்று முதல் இரண்டு மாற்றம் செய்தேன். பிரதி எண்ணைப் பக்கத்தின் தலையிலிருந்து இறக்கி ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் கீழே சிறியதாக வைத்தேன்: 12, அதன் கீழே பி3. யார் எந்தக் கட்டத்தை எங்கே ஒட்டினாலும் பிரதி எண்ணும் கூடவே போகிறது. குரல் கலைஞரும் "வரிசை பன்னிரண்டு, பிரதி மூன்று, டேக் ஒன்று" என்று சொல்லித் தொடங்குகிறார். பதிவில் இரண்டு நொடி கூடுகிறது, மறுபதிவுக்கு ஒரு பயணம் மிச்சமாகிறது. இரண்டாவது, கைப்பேசிக்கு உரையை மட்டும் அனுப்ப வேண்டி வந்தால் அதை நானே எடுத்து அனுப்புகிறேன், எண்ணும் நொடியும் சேர்த்து.

அண்ணன் மறுநாள் போய் அந்த ஒரு வரிசையை மீண்டும் வாசித்தார். ஒரே வாக்கியத்தைத் தனியாக மறுபதிவு செய்யும்போது குரலின் தொனி முந்தையதோடு ஒட்டாமல் போகும். அதற்காகப் பத்தாவது வரிசையையும் முன்னால் சேர்த்து வாசித்துவிட்டு, ஆறு நொடி காத்திருந்து, பன்னிரண்டுக்குள் வந்தார். அந்த ஆறு நொடியை அவருக்குச் சொன்னது பதினொன்றாம் வரிசையின் குரலில்லாத கட்டம்.

படம் முடிந்த பிறகு தாளுக்கு இன்னொரு பயணம் இருக்கிறது, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எடிட்டில் ஷாட்கள் மாறியிருக்கும், சில வரிசைகள் இடம் மாறியிருக்கும். முடிந்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு வரிசையின் தொடக்க நேரத்தையும் இடது பத்தியில் குறித்து, திரையில் உள்ளபடியே தாளைத் திருத்த வேண்டும். ஒன்பது பக்கத்துக்கு எனக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. வசன வரி எழுதுபவரும் வேறு மொழிக்குக் குரல் மாற்றுபவரும் கேட்கப்போவது அந்தப் பிரதியைத்தான்.

எங்கள் படத்துக்கு அடுத்த ஆண்டு இந்திப் பதிப்பு வேண்டும் என்றார்கள். இடது பத்தியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பன்னிரண்டாம் வரிசையில் இந்தியில் ஆண்டைச் சொல்ல 'உன்னீஸ் சௌ சௌன்சட்' என்று ஐந்து துடிப்பே போதும், எனவே எழுத்தில் வந்ததை அவர்கள் குரலிலும் சொன்னார்கள். அதற்கும் 11 நொடியில் இடமிருந்தது.